கல்லாவில் அமர்பவருக்கு ஏற்ற உள்ளாடை: துணியும் அளவும்

காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிற மளிகை வணிகர், அந்தப் பதினாறு மணி நேரத்தில் பெரும்பகுதியைக் கல்லாவில் உட்கார்ந்தே கழிக்கிறார். சித்திரை, வைகாசி மாதங்களில் மேலே தகரக் கூரை, பின்னால் மூட்டை அடுக்கு, தலைக்கு மேல் வெந்நீர்க் காற்றைச் சுற்றும் மின்விசிறி. இந்த நிலையில் தொடை இடுக்கில் எரிச்சலும் சிவப்பும் அரிப்பும் வராத வணிகர் நம்மில் குறைவு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பவுடரைக் கொட்டியும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவியும் நாளைக் கடத்துகிறோம். உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போகும்போது, பரபரப்பான மாலை நேரத்தில் கல்லாவை வேறொருவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டி வருகிறது.

இந்தத் தொல்லையில் பெரும்பகுதிக்குக் காரணம் நாம் அணியும் உள்ளாடைதான். எந்தத் துணி, எந்த வெட்டு, எந்த அளவு என்று பார்த்து வாங்கினால் புண் வருவதையே பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதை எப்படிப் பார்ப்பது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

புண் எப்படி உண்டாகிறது?

தோலும் தோலும் ஒட்டிக்கொண்டு, காற்றுப் புகாமல் இருக்கும் இடம் தொடை இடுக்கு. நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்த மடிப்பு கொஞ்சமாவது விரிகிறது. உட்கார்ந்ததும் தொடை மடங்கி அது மூடிக்கொள்கிறது. அங்கே சுரக்கும் வேர்வை உலர வழியில்லாமல் தேங்குகிறது. அதிக நேரம் தண்ணீரில் இருந்த விரல் நுனி எப்படி ஊறிச் சுருங்குகிறதோ, அதுபோல அந்த இடத்துத் தோலும் ஊறி மென்மையாகிவிடுகிறது. ஊறிய தோலில் துணி வழுக்கிச் செல்லாது, பிடித்து இழுக்கும். சரக்கு எடுக்க எழுவது, மறுபடி உட்காருவது, சில்லறை எடுக்கக் குனிவது என்று நாள் முழுவதும் நடக்கும் அசைவில் துணியின் விளிம்பும் தையலும் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. வேர்வை பாதி காய்ந்தால் அதிலுள்ள உப்பு தோலில் தங்கி, தேய்ப்பை இன்னும் கூட்டுகிறது.

ஆகவே ஈரம், வெப்பம், உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே புண்ணை உண்டாக்குகின்றன. துணியின் வேலை ஈரத்தை வாங்குவது. வெட்டின் வேலை விளிம்பு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்வது. அளவின் வேலை இறுக்கமும் சுருட்டலும் இல்லாமல் வைப்பது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பயன் தராது.

துணியைப் பார்ப்பது

சாதாரணக் காற்றில் வைத்திருக்கும் 100 கிராம் உலர்ந்த பருத்தி, காற்றிலிருந்தே ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதே எடையுள்ள பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. வேர்வை தோலிலேயே நிற்காமல் துணிக்குள் போக வேண்டுமானால் பருத்தியே நமக்கு ஏற்றது. விளையாட்டு வீரர்கள் அணியும் செயற்கை இழைத் துணி வேர்வையை விரைவில் உலர்த்துமே என்று கேட்கலாம். ஓடும்போது காற்றுப் படுவதால் அது உலர்கிறது. பேண்ட்டுக்குள், நாற்காலியில் அழுந்திக் கிடக்கும்போது காற்றும் இல்லை, உலர்வதும் இல்லை.

ஆனால் பருத்தியிலும் ஒரு குறை உண்டு. வாங்கிய ஈரத்தை அது எளிதில் விடாது. காலையில் உடுத்திய பருத்தி உள்ளாடை நண்பகலுக்குள் முழுவதும் நனைந்துவிட்டால், பிறகு அது ஈரத்துணியாகவே தோலோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் உலர்ந்த துணியைவிட அதிகமாகத் தேய்க்கும். பருத்திதான் அணிகிறோம், பிறகும் ஏன் புண் வருகிறது என்ற கேள்விக்கு விடை இதுவே. இதற்கு ஒரே வழி நண்பகலில் மாற்றிக்கொள்வது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

கடையில் வாங்கும்போது பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் இழை விவரத்தைப் படியுங்கள். முழுப் பருத்தியானால் நல்லது. 95 விழுக்காடு பருத்தி, 5 விழுக்காடு எலாஸ்டேன் என்றிருந்தாலும் நல்லதே. லைக்ரா என்று நாம் சொல்லும் அந்தச் சிறு கலப்பு, பல முறை துவைத்த பிறகும் கால் பகுதி தளர்ந்து தொங்காமல் காக்கிறது. பாலியஸ்டரோ நைலானோ பெரும்பங்கு உள்ளதைக் கல்லாவில் உட்காருபவர் தவிர்க்க வேண்டும். மோடல் என்று விற்பது மரக்கூழிலிருந்து செய்யும் இழை. மென்மையாக இருக்கும், ஈரத்தையும் நன்கு வாங்கும். ஆனால் விலை கூடுதல்.

விவரம் அச்சிடாத சரக்கானால், ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, தனியே ஒரு தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி இழை காகிதம் எரிவது போன்ற வாசனையுடன் எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை சுருண்டு உருகி, கடினமான கறுப்பு மணியாக நிற்கும். சாம்பலுக்குள் நெருடும் துணுக்குகள் இருந்தால் கலப்பு என்று கொள்ளலாம்.

பின்னலிலும் வேறுபாடு உண்டு. பனியன் துணி போல ஒற்றை அடுக்காக, மெல்லியதாக இருப்பது கோடைக்கு ஏற்றது. ரிப் பின்னல் நன்றாக விரிந்து கொடுக்கும். இன்டர்லாக் இரட்டைப் பின்னல் என்பதால் தடிமன் கூடுதல். குளிர் காலத்துக்குச் சரி, வெயில் காலத்தில் அது ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். ‘கோம்ப்டு’ என்று போட்டிருந்தால், குட்டையான பஞ்சு இழைகளை வாரி நீக்கிவிட்டு நூற்ற நூல் என்று பொருள். அதில் முடிச்சும் பிசிறும் குறைவு.

அடுத்து, உள்ளாடையை உட்புறம் திருப்பித் தையலை விரலால் தடவிப் பாருங்கள். தோலைத் தொடப்போவது அந்தப் பக்கம்தான். தையல் கயிறு போலத் தடித்து நின்றால் அது நாள் முழுவதும் உங்களைத் தேய்க்கும். தட்டையாகப் படிந்த ஃபிளாட்லாக் தையல் நல்லது. இடுப்பில் தைத்திருக்கும் துணிச் சீட்டுக்குப் பதில் விவரத்தைத் துணியிலேயே அச்சிட்டிருந்தால் அதுவும் ஒரு நன்மை. ரப்பர் பட்டையால் இடுப்பில் அரிப்பு வருபவர்கள், பட்டை வெளியே தெரியாமல் துணிக்குள் தைத்திருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெட்டைப் பார்ப்பது

நம்மில் பெரும்பாலோர் அணிவது வி வடிவ ஜட்டி. அதன் கால் விளிம்பு எலாஸ்டிக் சரியாகத் தொடை இடுக்கின் மடிப்பில்தான் விழுகிறது. நிற்பவருக்கு இது பெரிய தொல்லை தராது. உட்காருபவருக்கு எலாஸ்டிக் மடிப்புக்குள் அமுங்கி, ஈரத்தைப் பூட்டி வைத்து, ஒவ்வோர் அசைவிலும் அறுக்கிறது. மேலும் இரு தொடைகளுக்கும் நடுவே துணி இல்லாததால், உடல் பருத்தவர்களுக்குத் தொடையும் தொடையும் நேராக உராய்கின்றன.

தொடையில் கொஞ்சம் இறங்கி வரும் டிரங்க் வகையில் விளிம்பு மடிப்பைத் தாண்டிக் கீழே விழுகிறது. மடிப்புக்குள்ளும், தொடைகளுக்கு நடுவிலும் துணி இருக்கும். ஈரத்தை வாங்குவதும் அதுவே, தோலையும் தோலையும் பிரித்து வைப்பதும் அதுவே. ஆகவே நெடுநேரம் உட்காருபவருக்கு இந்த வெட்டே பொருத்தம். ஆனால் கால் நீளம் மிகக் குறைந்த டிரங்க் உட்கார்ந்ததும் சுருண்டு மேலேறி, கயிறு போலத் திரண்டு மடிப்பிலேயே வந்து நிற்கும். அது ஜட்டியைவிட மோசம். தொடை பருத்தவர்கள் நீளம் கூடியதையே எடுக்க வேண்டும்.

பட்டாபட்டி டிராயர் நெய்த துணியால் தைத்தது. காற்றோட்டம் அதில்தான் அதிகம். வேட்டி கட்டிக்கொண்டு கல்லாவில் இருக்கும் வணிகருக்கு அது நன்றாகவே பயன்படும். பேண்ட்டுக்குள் போட்டால் துணி சுருண்டு மடிப்பு விழும், அந்த மடிப்புகள் தேய்க்கும். எனவே வேட்டிக்கு டிராயர், பேண்ட்டுக்கு டிரங்க் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவைப் பார்ப்பது

பேண்ட் அளவைச் சொல்லி உள்ளாடை வாங்குவதே பலருக்கும் வழக்கம். நடுத்தர வயதில் தொந்தி விழுந்தவர்கள் பேண்ட்டைத் தொந்திக்குக் கீழே அணிகிறார்கள். உள்ளாடையின் பட்டை வேறு இடத்தில் நிற்கிறது. இரண்டு அளவும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளாடைப் பெட்டிகளில் 80, 85, 90, 95, 100 என்று சென்டிமீட்டரில் போட்டிருப்பது உடலின் சுற்றளவு. எனவே டேப்பை வெறும் உடம்பில், பட்டை நிற்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். டேப்பில் அங்குலம் மட்டும் இருந்தால் 2.54 ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் கிடைக்கும்.

நின்று ஒரு முறையும் உட்கார்ந்து ஒரு முறையும் அளந்து பாருங்கள். உட்காரும்போது வயிறு முன்னே தள்ளுவதால் அளவு சில சென்டிமீட்டர் கூடும். நாம் உட்கார்ந்தே இருக்கிறவர்கள். உட்கார்ந்த அளவுதான் நமக்குக் கணக்கு. முழுப் பருத்தி பின்னல் துணி முதல் சில துவைப்பில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் சேர்த்து நினைத்து, இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுக்க வேண்டும்.

சரியான அளவா என்பதை மாலையில் தெரிந்துகொள்ளலாம். கழற்றியதும் இடுப்பிலும் தொடையிலும் பாருங்கள். லேசான தடம் இருந்து சற்று நேரத்தில் மறைந்தால் சரி. பள்ளமாகப் பதிந்து, சிவந்து, வெகுநேரம் நின்றால் இறுக்கம். உட்கார்ந்த நிலையில் தொடை விளிம்புக்குள் இரண்டு விரல் எளிதாகப் போக வேண்டும். நான்கு விரல் போகுமளவுக்குத் தளர்ந்தால் துணி திரண்டு தேய்க்கும்.

ஒரு கணக்கு

ஒரு மளிகை வணிகரை எடுத்துக்கொள்வோம். வயது 52, பேண்ட் அளவு 36 அங்குலம். அதை 91 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, பல ஆண்டுகளாக 90 அளவு ஜட்டி வாங்கி வருகிறார். கோடை வந்தால் இரு பக்கத் தொடை இடுக்கிலும் எரிச்சல். இடுப்பைச் சுற்றி வேர்க்குரு.

டேப் வைத்து அளந்தால், பட்டை நிற்கும் இடத்தில் நின்று 95, உட்கார்ந்து 99 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் 9 சென்டிமீட்டர் குறைந்த அளவில் தம்மை இறுக்கிக்கொண்டிருக்கிறார். இவர் எடுக்க வேண்டியது 100 அளவு, நீளக் காலுள்ள டிரங்க், 95 விழுக்காடு பருத்தி. முதலில் ஒன்றை மட்டும் வாங்கித் துவைத்து, ஒரு நாள் முழுவதும் கல்லாவில் அணிந்து பார்க்க வேண்டும். மேலே சுருளவில்லை, தடம் பதியவில்லை என்று தெரிந்த பிறகு மீதியை வாங்கலாம்.

எத்தனை வாங்குவது? நாளுக்கு இரண்டு. மழைக் காலத்தில் துணி முழுவதும் உலர இரண்டு நாள் ஆகும் என்று வைத்தால் துவைப்பிலும் கொடியிலும் நான்கு, உடுத்த இரண்டு, கையிருப்பாக இரண்டு. ஆக எட்டு. தினம் ஒன்று என்று பழகியவருக்கு இது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் நாளுக்கு இரண்டு உடுத்துவதால் இத்தனை தேவை. செலவும் அதற்கேற்பக் கூடும்.

நண்பகல் மாற்றமும் துவைப்பும்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அப்போதே தொடை இடுக்கைத் தண்ணீரால் கழுவி, உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்து, இரண்டு நிமிடம் காற்றுப்பட விட்டு, புதியதை அணியலாம். கடையிலேயே சாப்பிடுகிறவர்கள் ஒரு பையில் மாற்று உள்ளாடையும் சிறு துண்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தேய்த்துத் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பவுடர் போடுவதானால் முழுவதும் உலர்ந்த தோலில் மெல்லிதாகப் போடலாம். ஈரத்தில் போட்ட பவுடர் குழைந்து உருண்டையாகி, அதுவே மணல் போலத் தேய்க்கும்.

நம் தொழிலுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. மிளகாய்த்தூள், வத்தல் எடுத்துப் போட்ட கையோடு கழிவறைக்குப் போகாதீர்கள். போவதற்கு முன்பே கையைக் கழுவ வேண்டும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவது. ஆதலால் தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்து, பிறகு சோப்பால் கழுவினால்தான் போகும்.

பிளாஸ்டிக் நாற்காலியும் ரெக்சின் மெத்தையும் வேர்வையை வாங்காது. அவற்றின் மேல் மடித்த பருத்தித் துண்டு ஒன்றை விரித்து, தினமும் மாற்றலாம். பிரம்பு பின்னிய நாற்காலி கிடைத்தால் அதுவே நல்லது.

துவைக்கும்போது சோப்புத்தூள் தங்காதபடி இரண்டு முறை அலச வேண்டும். வேட்டிக்குப் போடும் கஞ்சியில் உள்ளாடையையும் சேர்த்து முக்கிவிடாதீர்கள். விறைத்த துணி தோலைக் கீறும். உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். அரைகுறை ஈரத்தோடு அணிவது நாளைத் தோல்வியோடு தொடங்குவது போல.

எது உராய்வு, எது படை?

புண் எந்த வகை என்று அறிந்தால்தான் சரியாக நடந்துகொள்ள முடியும். உராய்வால் வந்த சிவப்பு, துணி விளிம்பு படும் இடத்தில் கோடாக இருக்கும். குளிக்கும்போது எரியும். உள்ளாடையை மாற்றி, உலர்வாக வைத்து, வாசனை சேராத வாசலின் தடவினால் சில நாளில் ஆறிவிடும். இடுப்புப் பட்டையின் அடியில் ஊசி முனை போன்ற சிறு பருக்கள் வந்தால் அது வேர்க்குரு. அதற்கு எண்ணெய்ப் பசையான எதையும் தடவக் கூடாது, காற்றுப்பட்டாலே அடங்கும்.

படர்தாமரை வேறு. எரிச்சலைவிட அரிப்பு அதிகம். ஓரம் தடித்துச் செதிலாக, நடுவில் தெளிந்து, வளையமாகத் தொடையிலும் பிட்டத்திலும் பரவும். இது பூஞ்சைக் காளானால் வருவது. உள்ளாடை மாற்றினால் மட்டும் போகாது. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் உள்ளவர்களுக்கு அங்கிருந்தே இடுப்புக்கு வரக்கூடும். காலைத் துடைத்த துண்டால் இடுப்பைத் துடைக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் துண்டும் துணியும் தனியாக இருக்கட்டும். உள்ளாடையை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் காளான் சாகாது, தோலின் எதிர்ப்பு தணிந்ததால் உள்ளுக்குள் பரவும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வரும். நாளடைவில் அந்த இடத்துத் தோல் மெலிந்து வரிவரியாகிவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியதும் இதனால்தான். படை என்று தெரிந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் சொன்ன வாரங்கள் முழுவதும், அரிப்பு நின்ற பிறகும், மருந்தைத் தொடர வேண்டும்.

உள்ளாடையையும் பழக்கத்தையும் மாற்றிய பிறகும் புண் திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆணுறுப்பின் நுனித்தோலில் வெடிப்பும் வெண்படிவும் தோன்றினாலோ, சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை இருப்பதே இதனால் தெரியவந்தவர்கள் உண்டு. காய்ச்சல், சீழ், வீக்கம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜவுளி விற்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். வாடிக்கையாளர் பேண்ட் அளவைச் சொல்லி உள்ளாடை கேட்டால், ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து அளந்துவரச் சொல்லுங்கள். 95, 100, 105 அளவுகளில் நீளக் கால் டிரங்க்கைத் தீர்ந்துபோக விடாமல் வைத்திருங்கள். கடைத்தெருவில் கல்லாவில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்த அளவுக்காரர்களே.